சீட்டில் ஐந்து, அட்டையில் இரண்டரை

மருந்துக் கடையில் நிற்கும் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருக்கும் வாக்கியம் இது: “அந்தக் கம்பெனி இல்ல சார், இது வேற கம்பெனி, மருந்து ஒண்ணுதான்.” பின்னால் நாலு பேர் காத்திருக்கிறார்கள். கடைக்காரர் கவரில் போட்டு நீட்டிவிட்டார். நாமும் தலையாட்டிவிட்டு வாங்கி வந்துவிடுகிறோம். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதனால்தான் ஏதாவது ஆகும்போது எங்கே தொடங்கி யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விழிக்கிறோம்.

கும்பகோணத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு 68 வயது. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் 5 மில்லிகிராம், காலையில் ஒன்று, பல வருடப் பழக்கம். போன ஆண்டு ஜூன் தொடக்கத்தில் டாக்டர் வழக்கம்போல அதே கம்பெனி மாத்திரையை, அதே 5 என்று, 30 நாளைக்கு எழுதிக் கொடுத்தார். கடையில் அது தீர்ந்துவிட்டிருந்தது. வேறு கம்பெனி மாத்திரை 15 அடங்கிய அட்டைகள் இரண்டு கிடைத்தன. சித்தப்பா வீட்டுக்கு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தபோது அட்டையில் 2.5 மில்லிகிராம் என்று இருந்தது.

வங்கியில் கணக்குப் பார்த்த மனிதர். இரண்டரையும் இரண்டரையும் ஐந்து. மறுநாள் காலையிலிருந்து இரண்டிரண்டாகப் போட ஆரம்பித்தார்.

பத்து நாளில் கணுக்கால் வீங்கியது. சாயங்காலம் செருப்பு வார் காலில் பதிந்து பள்ளமாக நின்றது. காலையில் கட்டிலை விட்டு எழுந்தால் ஒரு சுற்றுச் சுற்றியது. சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று பயந்து ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. டாக்டர் அழுத்தம் பார்த்தார், 104க்கு 64. “மாத்திரை அட்டையைக் கொண்டு வந்தீங்களா?” என்று கேட்டார். அட்டையைத் திருப்பிப் படித்த கையோடு காரணம் தெரிந்துவிட்டது.

அன்று ராத்திரியே சித்தப்பா ஒரு புகார்க் கடிதம் எழுதி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மூன்று பக்கம். அதில் “பாதி பவர் மாத்திரையைக் கொடுத்து முழுக் காசு வாங்கி ஏமாற்றினீர்கள்” என்று ஒரு வரி. “என் உயிரோடு விளையாடினீர்கள்” என்று இன்னொரு வரி. ஐந்து லட்சம் நஷ்ட ஈடு, உரிமத்தை ரத்து செய்ய வேண்டும், பத்திரிகைக்குப் போவேன், எல்லாம் இருந்தது. கோபம் நியாயமானது. ஆனால் முதல் வரியே தப்பு. அந்த ஒரு தப்பைப் பிடித்துக்கொண்டு கடைக்காரர் மிச்ச மூன்று பக்கத்தையும் தள்ளிவிடலாம்.

ஏன் தப்பு என்பதற்கு அட்டையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மருந்தின் பெயர் ஆம்லோடிபின் என்று இல்லை. முன்னால் ஓர் ‘எஸ்’ இருந்தது: எஸ் ஆம்லோடிபின். அந்த ஓர் எழுத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஆம்லோடிபின் மூலக்கூறு இரண்டு வடிவங்களில் உண்டாகிறது. இடது கையும் வலது கையும் போல, பார்க்க ஒன்றுதான், ஒன்றின் மேல் ஒன்றை அப்படியே பொருத்த முடியாது. சாதாரண ஆம்லோடிபின் மாத்திரையில் இரண்டும் சரிபாதி கலந்திருக்கும். ரத்தக் குழாயைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கும் வேலையைச் செய்வது எஸ் வடிவம். மற்ற பாதி அந்த வேலையில் ஏறக்குறைய சும்மா இருக்கிறது. சில கம்பெனிகள் எஸ் வடிவத்தை மட்டும் பிரித்தெடுத்து மாத்திரையாக்குகின்றன. ஆகவே எஸ் ஆம்லோடிபின் 2.5 என்பது சாதாரண ஆம்லோடிபின் 5க்குச் சமம்.

அப்படியானால் கடைக்காரர் கொடுத்தது பாதி மருந்து இல்லை. எண் பாதியாக இருந்தாலும் வேலை முழுசு. சித்தப்பா இரண்டு போட்டபோது அவர் உடம்புக்குப் போனது 10 மில்லிகிராமுக்குச் சமமான மருந்து. ஆம்லோடிபினில் ஒரு நாளைக்குக் கொடுக்கிற உச்ச அளவே அதுதான். கால் வீக்கம் இந்த மருந்தின் பேர்போன பக்க விளைவு. அளவு ஏற ஏற அதுவும் ஏறும். மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பில் உள்ள சோதனைக் கணக்குப்படி 5 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கும், 10 சாப்பிட்டவர்களில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 11 பேருக்கும் வீக்கம் வந்தது. இது உடம்பை விட்டு மெதுவாகப் போகும் மருந்தும்கூட. ரத்தத்தில் இருக்கும் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். தினமும் சாப்பிடும்போது முழு அளவு சேர ஒரு வாரம் பிடிக்கும். அதனால்தான் இரண்டு போட்ட மறுநாள் ஒன்றும் தெரியாமல், பத்தாம் நாள் செருப்பு இறுகியது. இடைப்பட்ட நாட்களில் மாத்திரை மேல் யாருக்கும் சந்தேகமே வராது.

டாக்டர் சித்தப்பாவைப் பழைய மாத்திரைக்கே, ஒன்றுக்கே திருப்பினார். வீக்கம் வடியக் கொஞ்ச நாள் ஆகும், பயப்பட வேண்டாம் என்றார். இதுபோன்ற இடத்தில் பலர் பயந்து மாத்திரையை மொத்தமாக நிறுத்திவிடுகிறார்கள். அது இன்னொரு ஆபத்து. நிறுத்துவதா, குறைப்பதா என்பதை எழுதிக் கொடுத்தவர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது வருவது, பலர் தெரியாமல் விட்டுவிடுகிற சட்டம். கடைக்காரர் கொடுத்தது சமமான மருந்து என்றால், புகாருக்கு என்ன இடம்? நிறையவே இருக்கிறது. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940இல் வந்தது. அதன் கீழ் 1945இல் வந்த விதிகளில் 65ஆவது விதி சில்லறை மருந்துக் கடைக்கான நிபந்தனைகளைச் சொல்கிறது. அதன் 11ஏ உட்பிரிவு சொல்வது இது: ஷெட்யூல் எச் முதலான பட்டியல்களில் உள்ள மருந்தை டாக்டர் எழுதியிருந்தால், அதற்குப் பதிலாக வேறொரு தயாரிப்பைக் கொடுக்கக் கூடாது, அதில் அதே பொருள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஆம்லோடிபின் ஷெட்யூல் எச் பட்டியலில் இருக்கும் மருந்து. ஆக, “மருந்து ஒண்ணுதான்” என்று சொல்லித் தப்பிக்கிற வழியை அந்த விதியே அடைத்து வைத்திருக்கிறது. மாற்றிக் கொடுப்பதென்றால் டாக்டரைக் கேட்டு, அவர் மாற்றி எழுதிய பிறகுதான் கொடுக்கலாம்.

அதே விதியின் இன்னோர் உட்பிரிவு, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவுபெற்ற பார்மசிஸ்ட் கையாலோ அவருடைய நேரடி மேற்பார்வையிலோதான் நடக்க வேண்டும் என்கிறது. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழில் ஒரு முகம், கவுண்டரில் நிற்பது வேறொரு பையன் என்ற நிலைமை நமக்குப் புதிதல்ல. மருந்தைக் கொடுத்ததும் சீட்டிலேயே கடையின் பெயர், முகவரி, தேதி மூன்றையும் குறிக்க வேண்டும் என்றும் விதியில் இருக்கிறது. என் அனுபவத்தில் அப்படிக் குறித்துக் கொடுத்த கடை மிக மிக அபூர்வம்.

இங்கே ஒரு விலக்கையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நல்ல கடைக்காரரிடம் போய் வீணாகச் சண்டை பிடிப்போம். டாக்டர் கம்பெனி பெயர் எழுதாமல் ‘ஆம்லோடிபின் 5’ என்று மருந்தின் பொதுப்பெயரை மட்டும் எழுதியிருந்தால், எந்தக் கம்பெனியின் ஆம்லோடிபின் 5ஐக் கொடுத்தாலும் அது மாற்றிக் கொடுத்ததாகாது. மருத்துவர்களுக்கான நெறிமுறையே பொதுப்பெயரை, புரியும்படி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுதச் சொல்கிறது. 2016இலிருந்து அப்படி இருக்கிறது. மக்கள் மருந்தகங்களில் வாங்குவதும் இந்த அடிப்படையில்தான். ஆனால் பொதுப்பெயர் எழுதியிருந்தாலும் அளவு மாறக் கூடாது. எஸ் ஆம்லோடிபினும் அந்தப் பெயருக்குள் அடங்காது, அது தனி. ஆகவே புகார் எழுத உட்காரும் முன் சீட்டை எடுத்து முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: எழுதியிருப்பது கம்பெனி பெயரா, பொதுப்பெயரா?

பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் எழுத்துகளும் இதே ஜாதிக் குழப்பம்தான். ஒரே பிராண்டு பெயரில் வெறும் ஆம்லோடிபின் இருக்கும், ‘ஏடி’ சேர்த்தால் அதோடு அட்டெனலாலும் கலந்திருக்கும். அட்டெனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாத மருந்து. அட்டையின் நிறம், எழுத்தின் வடிவம் எல்லாம் அப்படியே ஒன்றுபோல இருக்கும்.

சித்தப்பாவின் விஷயத்துக்கு வருவோம். நானும் அவரும் போனில் உட்கார்ந்து அந்த மூன்று பக்கத்தை ஒரு பக்கமாக்கினோம். “இவ்வளவு மரியாதையா எழுதணுமாம்மா?” என்று இரண்டு முறை கேட்டார். கடைசியில் போன கடிதத்தைப் பெயர், முகவரி எடுத்துவிட்டு அப்படியே தருகிறேன்.

நாள்: 19.06.2025

பெறுநர்: உரிமையாளர் மற்றும் பதிவுபெற்ற பார்மசிஸ்ட் அவர்கள்

பொருள்: 02.06.2025 அன்று மருத்துவர் சீட்டில் இல்லாத வேறு தயாரிப்பும் வேறு அளவும் கொடுத்தது குறித்து

ஐயா,

02.06.2025 மாலை தங்கள் கடையில் என் ரத்த அழுத்த மாத்திரையை வாங்கினேன். பில் நகல் இணைத்துள்ளேன்.

மருத்துவர் சீட்டில் உள்ளது: ஆம்லோடிபின் 5 மி.கி. (சீட்டில் குறித்த பிராண்டு), காலை ஒன்று, 30 மாத்திரை.

தாங்கள் கொடுத்தது: எஸ் ஆம்லோடிபின் 2.5 மி.கி. (பில்லில் உள்ள பிராண்டு), 30 மாத்திரை. தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் தெரியும்படி அட்டையின் படம் இணைத்துள்ளேன்.

மருந்தை மாற்றிக் கொடுப்பதற்கு முன் என் மருத்துவரைக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. கம்பெனி வேறு என்று மட்டும் கவுண்டரில் இருந்தவர் சொன்னார். மருந்தின் பெயரும் அளவும் வேறு என்பதையோ, எத்தனை சாப்பிட வேண்டும் என்பதையோ சொல்லவில்லை. கவரிலும் எழுதவில்லை.

அட்டையில் 2.5 என்று இருந்ததால், 5 ஆக்குவதற்காக 03.06.2025 முதல் 16.06.2025 வரை தினமும் இரண்டு மாத்திரை நானே சாப்பிட்டேன். 12.06.2025 வாக்கில் இரண்டு கணுக்கால்களிலும் வீக்கமும், எழுந்து நிற்கும்போது தலைச்சுற்றலும் வந்தன. 16.06.2025 அன்று மருத்துவர் பரிசோதித்து, மருந்தின் அளவு இரட்டிப்பானதே காரணமாக இருக்கலாம் என்று சீட்டில் குறித்துள்ளார். நகல் இணைத்துள்ளேன். மீதம் 2 மாத்திரை அட்டையோடு என்னிடம் இருக்கிறது.

மருந்து விதிகள் 1945, விதி 65 (11ஏ)இன்படி, சீட்டில் உள்ள மருந்துக்குப் பதிலாக வேறு தயாரிப்பைக் கொடுக்கக் கூடாது என்று அறிகிறேன்.

தாங்கள் செய்ய வேண்டுவது:

அன்று மருந்தை எடுத்துக் கொடுத்தவர் யார், பார்மசிஸ்ட் கடையில் இருந்தாரா, எதனால் மாற்றிக் கொடுக்கப்பட்டது என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். மருந்தின் விலையையும், மருத்துவர் கட்டணம், ரத்தப் பரிசோதனை ஆகியவற்றுக்கு நான் செலவழித்த தொகையையும் (ரசீதுகள் இணைப்பில்) திருப்பித் தரவும். இதேபோல் வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கப்பட்டுள்ளதா என்று தங்கள் பில் பதிவில் பார்த்து அவர்களுக்குத் தெரிவிக்கவும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். வராத பட்சத்தில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் எழுதுவேன்.

இப்படிக்கு,

கடிதம் இவ்வளவுதான். இதில் எழுதாமல் விட்டது எழுதியதைவிட அதிகம். ‘பாதி பவர்’ போயிற்று. ‘உயிரோடு விளையாட்டு’ போயிற்று. சீட்டில் என்ன, கையில் கிடைத்தது என்ன என்பதை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தோம். அந்த இரண்டு வரியை யாராலும் மறுக்க முடியாது. ஒன்று டாக்டர் கையெழுத்தில் இருக்கிறது, மற்றது கடைக்காரர் கொடுத்த பில்லில் இருக்கிறது. என்ன தீங்கு நடந்தது என்பதை நாம் தீர்ப்பாகச் சொல்லாமல் டாக்டர் எழுதியதைச் சொன்னோம்.

சித்தப்பா கடைசி வரை வேண்டாம் என்று நின்ற வரி, “தினமும் இரண்டு மாத்திரை நானே சாப்பிட்டேன்” என்பதுதான். “அத எதுக்கும்மா நாமளே சொல்லணும்? அவன் அதையே பிடிச்சுக்குவான்.” பிடித்துக்கொள்ளத்தான் செய்வார். சீட்டில் ஒன்று என்று இருக்க, இவர் இரண்டு போட்டது இவர் செயல்தான். ஆனால் 14 நாளில் 28 மாத்திரை தீர்ந்த கணக்கு அட்டையிலேயே இருக்கிறது, டாக்டர் குறிப்பிலும் இருக்கிறது. மறைத்துவிட்டுப் பிறகு மாட்டிக்கொண்டால் மிச்சத்தையும் நம்ப மாட்டார்கள். அதைவிட முக்கியம், அந்த வரிதான் கடையின் தவறு எப்படித் தீங்காக மாறியது என்பதைக் காட்டுகிறது. அளவு மாறிய மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால், வீட்டில் இருப்பவர் தன் கணக்கைத்தான் போடுவார். நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்கிச் சொல்வதை 2015ஆம் ஆண்டு பார்மசி நடைமுறை ஒழுங்குமுறைகள் பார்மசிஸ்டின் வேலையாகவே வைத்திருக்கின்றன.

பில் இருந்ததால்தான் இந்தக் கடிதமே நின்றது. ‘ஒரு சீட்டு, நாலு எண், ஒரு கூட்டல்’ என்று துண்டுக் காகிதத்தில் எழுதித் தருகிற கடைகளில் வாங்கியிருந்தால், அந்த மாத்திரை அங்கே வாங்கியதுதான் என்று காட்டவே வழி இருந்திருக்காது. பில்லில் கடையின் பெயர், முகவரி, உரிம எண், பில் எண், மருந்தின் பெயர், எண்ணிக்கை இருக்க வேண்டும். அது விதி. பில் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. கணினி பில் என்றால் இன்னும் நல்லது, மாற்றிக் கொடுத்த மருந்தின் பெயரைக் கடையே அச்சடித்துத் தந்துவிடுகிறது. அடுத்தது அட்டை. தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் ஓர் ஓரத்தில்தான் இருக்கும். கடையில் வெட்டிக் கொடுக்கும்போது அந்த ஓரம் நம்மிடம் வருகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வீட்டிலும் அந்த ஓரத்து மாத்திரையைக் கடைசியில் பிரிப்பது நல்லது. சீட்டை டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும். மாத்திரையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கடையில் கேட்பார்கள். பதில் எழுத்தில் வரும்வரை ஒன்றைக்கூடக் கொடுக்க வேண்டாம்.

கடிதத்தை நேரில் கொண்டுபோனால் நகலில் கையெழுத்தும் கடை முத்திரையும் வாங்க வேண்டும். சித்தப்பாவுக்கு மறுபடி அந்தப் படியேற விருப்பமில்லை. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்திக்கொண்டார்.

கடிதம் போய்ச் சேர்ந்த அன்றே உரிமையாளர் போன் செய்தார். “நேர்ல வாங்க சார், பேசி முடிச்சுக்கலாம், உங்களுக்கு எத்தனை வருஷமா கொடுக்கறோம்” என்றார். சித்தப்பா மரியாதையாக, “எழுதிக் கொடுங்க தம்பி, அது போதும்” என்றார். சில நாள் கழித்துப் பதில் வந்தது. சீட்டில் இருந்த பிராண்டு அன்று இருப்பில் இல்லை. பில் போடும் மென்பொருளில் அந்தப் பெயரைத் தட்டினால் மாற்று மருந்துகளின் பட்டியல் வரும். அதில் ஆம்லோடிபினும் எஸ் ஆம்லோடிபினும் ஒரே தொகுப்பில் இருந்தன. பையன் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டான். பார்மசிஸ்ட் அப்போது வெளியே போயிருந்தார். வருத்தம் தெரிவித்து, மருந்தின் விலையையும் பரிசோதனைச் செலவையும் திருப்பித் தந்தார்கள். அதே மாற்று மருந்து இன்னும் மூன்று பேருக்குப் போயிருந்தது, அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டோம் என்றும் எழுதியிருந்தது. எங்களுக்கு அந்தக் கடைசி வரிதான் பெரிதாகப் பட்டது. மிரட்டி ஐந்து லட்சம் கேட்டிருந்தால் அந்த வரி வந்திருக்காது. வக்கீலைக் கேட்டு எழுதிய மறுப்புதான் வந்திருக்கும்.

இதோடு விடலாமா என்று வீட்டில் வாதம் நடந்தது. பணம் வந்துவிட்டது, வருத்தமும் தெரிவித்துவிட்டார்கள் என்றார் சித்தி. பார்மசிஸ்ட் இல்லாத நேரத்தில் சீட்டுக்கு மருந்து கொடுத்ததைக் கடையே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது, அது ஒருவரின் கால் வீக்கத்தோடு முடிகிற விஷயம் இல்லை என்றேன் நான். சித்தப்பா யோசித்துவிட்டு, இரண்டு கடிதங்களின் நகலையும் தம் பகுதி மருந்து ஆய்வாளருக்கு அனுப்பினார்.

இங்கே இரண்டு வழிகளையும் பிரித்துப் புரிந்துகொள்வது நல்லது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடையின் உரிமத்தைப் பார்க்கிற இடம். தலைமை அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது, மாவட்டங்களில் உதவி இயக்குநர்களும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆய்வாளர் கடைக்குள் போய்ப் பதிவேடுகளையும் பில்களையும் பார்க்கலாம். விதி மீறல் இருந்தால் விளக்கம் கேட்டு உரிமத்தை இடைநிறுத்தவோ ரத்து செய்யவோ துறைக்கு அதிகாரம் உண்டு. ஆனால் உங்கள் செலவை வாங்கித் தருவது அவர்கள் வேலை இல்லை. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். சம்பவம் நடந்த 2 ஆண்டுக்குள் போக வேண்டும், வக்கீல் இல்லாமலும் நாமே வாதாடலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்து பார்க்கலாம். இவை எதற்கும் அடித்தளம் கடைக்கு எழுதிய அந்த முதல் கடிதம்தான். மாத்திரையால் வந்த வீக்கத்தை மருந்து விளைவுக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் சொல்லலாம், அதற்கான கட்டணமில்லா எண் 1800 180 3024. அங்கே யார் மேலும் நடவடிக்கை எடுப்பதில்லை. எந்த மருந்தில் என்ன கோளாறு அடிக்கடி வருகிறது என்று கணக்கெடுக்கிறார்கள்.

சித்தப்பா நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது என்றார். அடுத்த மாதம் டாக்டர் சீட்டில் கம்பெனி பெயருக்குக் கீழே பெரிய எழுத்தில் ஆம்லோடிபின் 5 என்று எழுதி, பக்கத்தில் ‘எஸ் அல்ல’ என்றும் சேர்த்தார். ஆய்வாளர் கடைக்கு வந்துபோனதாகத் தெருவில் சொன்னார்கள். என்ன நடவடிக்கை என்று எங்களுக்குத் தகவல் வரவில்லை, கேட்டு இன்னொரு கடிதம் போட்டிருக்கிறோம்.